எல்லாச் சந்தேகமும் ஒரே கரோசலிலா, ஒரு சந்தேகத்துக்கு ஒரு கரோசலா?

ஆன்லைன் கோர்ஸுக்குச் சேர்க்கை திறக்கும் வாரம் வந்தால், இன்ஸ்டாகிராமில் போட ஒரு கரோசல், அதாவது ஒரே பதிவில் பல ஸ்லைடுகளைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வகை, வேண்டும் என்று கேட்டு வருவார்கள். பேச்சு உடனே நிறத்துக்கும் ஃபான்டுக்கும் போய்விடும். அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவு வேறு: வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவரின் சந்தேகங்களை அந்த ஸ்லைடுகளில் எப்படி வைப்பது? எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு. ஸ்லைடுக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில் என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடலாம். இருப்பதில் பெரிய சந்தேகம் ஒன்றை மட்டும் எடுத்து முழுக் கரோசலையும் அதற்கே கொடுக்கலாம். அல்லது ஏற்கனவே படித்த ஒருவரின் கதையைச் சொல்லி, போகிற போக்கில் சந்தேகங்களைத் தீர்க்கலாம்.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு கோர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். அலுவலகத்தில் விற்பனைப் பட்டியல், இருப்புக் கணக்கு போன்றவற்றைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான ஸ்ப்ரெட்ஷீட் கோர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நேரலை வகுப்பு. பதிவுகள் ஓராண்டுக்கு இருக்கும். முதல் வாரத்துக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். இன்பாக்ஸில் வந்திருக்கும் கேள்விகள் இவை: வகுப்பு எத்தனை மணிக்கு? வர முடியாவிட்டால் பதிவு கிடைக்குமா? தவணையில் கட்டலாமா? பிடிக்காவிட்டால் பணம் வருமா? எனக்குக் கணக்கே வராது, இது புரியுமா? போன முறை ஒரு கோர்ஸ் வாங்கி பாதியில் விட்டேன், இதையும் விட்டுவிடுவேனோ? இதெல்லாம் யூடியூபில் இலவசமாகவே இருக்கிறதே? அப்புறம், வழக்கமான ஒன்று: விலை கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே?

இந்த எட்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முதல் நான்கும் தகவல் கேட்பவை. பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம், கேட்டவரும் நம்பிவிடுவார். பதிவு ஓராண்டுக்கு இருக்கும் என்றால் இருக்கும், அவ்வளவுதான். ‘எனக்குப் புரியுமா’ என்பது அப்படியல்ல. அதற்கு ‘நிச்சயம் புரியும்’ என்று எழுதினால் யார் நம்புவார்கள்? கோர்ஸ் விற்கும் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். இங்கே கேட்டவருக்குத் தேவை சான்று. சான்றுக்கு இடம் வேண்டும், ஒரு ஸ்லைடில் அது அடங்காது. மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவு முழுக்க இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

கேள்வி-பதில் வரிசை

பெரும்பாலானவர்கள் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். காரணம் எளிது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். பத்து ஸ்லைடு, எட்டுக் கேள்வி, அழகான பெட்டிகள். வெளியிட்ட அன்று மாலையே இன்பாக்ஸில் ஒரு செய்தி: “எனக்குக் கணக்கு வராது, இது சரிப்பட்டு வருமா?” நான்காவது ஸ்லைடில் அதே கேள்வியும் அதற்குப் பதிலும் இருந்தன. படிக்காமல் கேட்கிறார் என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அவர் படித்திருந்தார் என்பது பிறகு பேசும்போதுதான் தெரிந்தது. படித்தும் பதில் கிடைக்கவில்லை. ‘அடிப்படையிலிருந்து சொல்லித்தருகிறோம், கவலை வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன். கவலைப்படுகிறவரிடம் கவலை வேண்டாம் என்று சொன்னால் கவலை போய்விடுமா?

இந்த வழிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எட்டுக் கேள்விகளும் ஒரே அளவுப் பெட்டியில், ஒரே அளவு எழுத்தில் இருப்பதால், எது முக்கியம் என்பது தெரியாமல் போகிறது. ஒருவருக்கு இருப்பது ஒரே சந்தேகம். அது ஏழாவது ஸ்லைடில் இருந்தால் அவர் ஏழு வரை வரவேண்டும். ஒவ்வொரு ஸ்லைடிலும் சிலர் கழன்றுகொண்டே இருப்பார்கள். கூடவே, அவருக்குத் தோன்றாத சந்தேகங்களையும் நாமே கையில் கொடுத்து அனுப்புகிறோம். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று உங்கள் இன்பாக்ஸில் யாருமே கேட்கவில்லை என்றால், அந்தக் கேள்விக்கு ஸ்லைடு வேண்டாம். பட்டியலை நிரப்புவதற்காகக் கேள்விகளைக் கற்பனை செய்வதுதான் இந்த வகைக் கரோசலில் அதிகம் நடக்கும் தவறு.

ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாது. சேரலாம் என்று முக்கால்வாசி முடிவெடுத்தவருக்கு இதைவிட உதவியான ஒன்று கிடையாது. அவர் சேர்க்கை நாளன்று புரொஃபைலுக்கு வருவார், நேரம், தவணை, பணம் திரும்பும் விதி மூன்றையும் பார்ப்பார், கட்டணம் கட்டிவிட்டுப் போவார். அவருக்கு வேண்டியது சுற்றிவளைக்காத பதில். ‘பணம் திருப்பித் தரப்படும், நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று எழுதுவதைவிட, ‘முதல் வாரம் முடிவதற்குள் ஒரு மெயில் போதும், காரணம் கேட்கமாட்டோம், முழுத் தொகையும் திரும்பும்’ என்று எழுதினால் அதற்கு மேல் கேள்வி வராது. விதி உண்மையிலேயே அப்படி இருந்தால் மட்டும்.

ஒரே சந்தேகத்துக்கு முழுக் கரோசல்

நான் இப்போது அதிக நேரம் செலவழிப்பது இந்த வகையில்தான். நம் ஸ்ப்ரெட்ஷீட் கோர்ஸில் பெரிய சந்தேகம் ‘எனக்குப் புரியுமா’ என்பது. இதற்குப் பதில் சொல்லக் கூடாது. படிக்கிறவருக்கே அந்தக் கரோசலுக்குள் ஒரு விஷயம் புரிந்துவிட வேண்டும். புரிந்த பிறகு, ‘இப்போது புரிந்ததே, அப்படித்தான் வகுப்பும்’ என்றால் அது சான்று.

முதல் ஸ்லைடில் கோர்ஸைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இப்படி இருக்கும்: “ஃபார்முலா சரியாகத்தான் போட்டேன். #N/A என்று வந்தது. இது நமக்கு வராது என்று மூடி வைத்துவிட்டேன்.” இந்த வாக்கியத்தை நாம் உட்கார்ந்து யோசித்து எழுதத் தேவையில்லை. இன்பாக்ஸில் ஒருவர் எழுதியதை, அவர் யார் என்று தெரியாதபடி, அவருடைய பேச்சுநடை கெடாமல் எடுத்தால் போதும். ‘தரவுப் பகுப்பாய்வு குறித்த தயக்கமா?’ என்று நம் பாஷைக்கு மாற்றினால், அவர் அதைத் தன் கேள்வி என்று அடையாளம் காணமாட்டார்.

இரண்டாவது ஸ்லைடில் ஒரு படம்: இரண்டு பட்டியல்கள். ஒன்றில் பொருளின் குறியீடு PEN12, விலையோடு. இன்னொன்றிலும் அதே PEN12, பக்கத்தில் ஃபார்முலா விலையைத் தேடித் தர வேண்டிய இடத்தில் #N/A. கீழே ஒரே கேள்வி: “இரண்டும் ஒன்றுதானே? ஏன் கிடைக்கவில்லை என்கிறது?” இந்த ஸ்லைடு முதல் ஸ்லைடு இல்லாமலும் நிற்க வேண்டும். ஒருவர் முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டுத் தள்ளாமல் போனால், இன்ஸ்டாகிராம் அதே பதிவைப் பிறகு இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவது உண்டு. அப்போது அவர் முதலில் பார்ப்பது இதைத்தான். ‘தொடர்ந்து படியுங்கள்’ என்று வெறுமனே எழுதி இரண்டாவது ஸ்லைடை வீணாக்குபவர்கள் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

மூன்றாவதில் காரணம். ஒரு PEN12-க்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு இடைவெளியும் ஓர் எழுத்துதான். சோதித்துப் பார்க்க `=LEN(A2)` போடுங்கள். ஒன்றில் 5 வரும், இன்னொன்றில் 6 வரும். நான்காவதில் தீர்வு:

```
=TRIM(A2)
```

முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளிகளை இது நீக்கிவிடும். நீக்கிய குறியீட்டை வைத்துத் தேடினால் விலை வந்து நிற்கும். ஐந்தாவது ஸ்லைடில் ஒரே வாக்கியம், சுற்றிலும் வெற்றிடம்: “இதைப் புரிந்துகொள்ளக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியிருந்ததா?”

திருப்பம் இந்த இடம்தான். இதற்குப் பிறகுதான் கோர்ஸைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு வருகிறது. ஆறாவது ஸ்லைடில், ஒவ்வொரு வகுப்பும் இப்படி உடைந்துபோன ஒரு ஷீட்டை வைத்துத்தான் தொடங்கும், ஃபார்முலா பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டோம் என்று சொல்லலாம். ஏழாவதில், மாட்டிக்கொண்டால் என்ன செய்வது: உங்கள் ஷீட்டை அனுப்பலாம், அடுத்த வகுப்பில் அதையே திறந்து பார்ப்போம். எட்டாவதில், யார் சேர வேண்டாம் என்று எழுதுவேன். பிவட் டேபிளும் மேக்ரோவும் ஏற்கனவே எழுதுகிறவருக்கு இது வீண். கணினி இல்லாமல் போனை மட்டும் வைத்துப் படிக்க நினைப்பவருக்கும் இது சிரமம். இந்த ஸ்லைடை எடுத்துவிடச் சொல்லிக் கோர்ஸ் நடத்துபவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். நான் விடாமல் வைக்கப் பார்ப்பேன். தகுதியில்லாதவர்களைத் திருப்பி அனுப்பும் வரியைப் பார்த்த பிறகுதான் மற்ற வரிகளின் மேல் நம்பிக்கை வருகிறது. பணம் திரும்பக் கேட்பவர்களும் குறைவார்கள். ஒன்பதாவதில் சேர்க்கைத் தேதி, செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல். கேப்ஷனில் போடும் லிங்க் அழுத்தினால் திறக்காது என்பதால், புரொஃபைலில் இருக்கும் லிங்கைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கமென்டில் ஒரு சொல்லை எழுதச் சொல்ல வேண்டும். இரண்டையும் சொன்னால் இரண்டையும் செய்யமாட்டார்கள்.

இங்கே ஓர் ஆபத்து காத்திருக்கிறது. சான்றாக வைத்த பாடம் தோற்றால் கரோசலே தோற்றுவிடும். TRIM-ஐப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘எனக்கு இன்னும் #N/A வருகிறதே’ என்று யாராவது கமென்டில் எழுதுவார்கள். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய தரவில் வேறு வகை இடைவெளி ஒன்று இருக்கும், அதை TRIM தொடாது. அதற்கு இது வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," "))
```

இதை ஸ்லைடில் போட்டால் புரிந்ததும் குழம்பிவிடும், போடக் கூடாது. ஆனால் கமென்டுக்கான பதிலைக் கையில் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தக் கமென்டுக்குப் பத்து நிமிடத்தில் பொறுமையாகப் பதில் வருவதைப் பார்க்கிறவர்கள், வகுப்பில் சந்தேகம் கேட்டால் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடுகிறார்கள்.

இந்த வழியின் குறை நேரம்தான். சரியான பாடத் துண்டைத் தேடுவதற்கே ஒரு நாள் ஆகலாம். நான்கு ஸ்லைடில் முடிய வேண்டும், படிக்கிறவர் அனுபவித்த தொல்லையாக இருக்க வேண்டும், அந்த ஆறு வாரப் பாடத்தில் உண்மையிலேயே வருவதாகவும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைவது அவ்வளவு எளிதல்ல.

ஒருவரின் கதை

முதல் முறையாகக் கோர்ஸ் நடத்துபவருக்கு இந்த வழி இல்லவே இல்லை, ஏனென்றால் படித்து முடித்தவர் யாரும் இல்லை. கற்பனை மாணவரை உருவாக்குவது பொய். அதை விட்டுவிடுவோம்.

மாணவர்கள் இருந்தால், ‘பாதியில் விட்டுவிடுவேனோ’ என்ற சந்தேகத்துக்கு இதுதான் சரியான மருந்து. அந்தச் சந்தேகத்தை ஒரு பாடத் துண்டை வைத்துத் தீர்க்க முடியாது. ஒருவர் முடித்தார் என்பதுதான் சான்று. ஆனால் கதைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் சறுக்கல் நடக்கிறது. வகுப்பிலேயே சிறந்தவரை எடுத்துக்கொள்கிறார்கள். படிக்கிறவர், ‘அவர் கெட்டிக்காரர், நான் அப்படியா’ என்று நகர்ந்துவிடுவார். அதைவிட, இரண்டாவது வாரத்தில் வேலைப் பளுவால் காணாமல் போய், நான்காவது வாரத்தில் திரும்பி வந்து, பதிவுகளைப் பார்த்து எப்படியோ முடித்த ஒருவர்தான் நமக்கு வேண்டும். அவர் திரும்பி வர எது உதவியது என்பதற்கே இரண்டு ஸ்லைடு கொடுக்கலாம். அவருடைய அனுமதி எழுத்தில் வேண்டும். அவர் அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுவதாக இருந்தால் பெயரையும் படத்தையும் மறைக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளம் கூடியது, பதவி உயர்ந்தது என்பதையெல்லாம், அவரே சொன்னாலும், தலைப்பாக்க வேண்டாம். அது கோர்ஸால் மட்டும் நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

விலையும் யூடியூபும்

விலையைப் பற்றித் தனிக் கரோசல் போடலாமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். ‘விலை அதிகம்’ என்பது பெரும்பாலும் வேறொரு சந்தேகத்தின் மேல்சட்டை. அப்படிச் சொல்கிறவரிடம், எதோடு ஒப்பிட்டு அதிகம் என்று மரியாதையாக ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஒருவர், மொத்தமாகக் கட்ட இப்போது முடியாது என்பார். அது தகவல் கேள்வி, தவணை இருந்தால் கேள்வி-பதிலில் சேர்த்துவிடலாம். இன்னொருவர், போன முறை கட்டிய பணம் வீணாகப் போனது என்பார். அவர் பேசுவது விலையைப் பற்றியே இல்லை, முடிப்பேனா என்பதைப் பற்றி. அவருக்கு நாம் தள்ளுபடி கொடுத்தால், வீணாகப் போகும் தொகை கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

யூடியூப் கேள்விக்கு முதலில் ‘ஆமாம், கிடைக்கும்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். TRIM-ஐப் பற்றி எத்தனையோ காணொளிகள் உண்டு. அங்கே இல்லாதது, உங்கள் ஷீட்டைத் திறந்து பார்த்து இங்கே இடைவெளி இருக்கிறது என்று சொல்லும் ஆள். கோர்ஸில் அப்படி ஒருவர் இல்லை, பதிவுகள் மட்டும்தான் என்றால் கேட்பவர் பக்கம்தான் நியாயம். அப்போது திருத்த வேண்டியது கோர்ஸை.

எதை எப்போது

இரண்டு கரோசல் செய்ய நேரம் இருந்தால், சேர்க்கை திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரே சந்தேகத்துக்கான கரோசலைப் போடுவேன். திறக்கும் நாளன்று கேள்வி-பதில் கரோசலைப் போட்டு, புரொஃபைலின் மேலே பின் செய்துவிடுவேன். நல்ல கதை கையில் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் அது போகும். ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் என்றால், ஒரே சந்தேகத்துக்கான கரோசல்தான். நேரம், தவணை, பணம் திரும்பும் விதி ஆகியவற்றைக் கேப்ஷனில் சுருக்கமாக எழுதிவிடலாம். கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. தமிழில் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாக எண்ணப்படுவதால் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆனால் இவ்வளவுக்குத் தாராளமாகப் போதும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 1080-க்கு 1350 என்ற நீள்வடிவம் போதும். முதல் ஸ்லைடின் வடிவமே மற்றவற்றுக்கும் பொருந்தும். புரொஃபைல் கட்டத்தில் இரு ஓரங்களும் கொஞ்சம் வெட்டுப்படும் என்பதால் தலைப்பை ஓரத்தில் ஒட்டக் கூடாது. 20 ஸ்லைடு வரை போடலாம் என்பதற்காகப் போட வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஒரு ஸ்லைடில் 25 சொல்லைத் தாண்டினால் போனில் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்.

வெளியிட்ட பிறகு சேவ் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். TRIM கரோசலை நிறையப் பேர் சேவ் செய்வார்கள், அதில் பலர் அந்த உத்திக்காக மட்டும் வந்தவர்கள், சேரமாட்டார்கள். நான் பார்ப்பது இன்பாக்ஸை. ‘எனக்குப் புரியுமா’ என்பது மறுபடியும் வந்தால் பாடத் துண்டு வேலை செய்யவில்லை. அந்தக் கேள்வி குறைந்து, ‘என்னிடம் பழைய பதிப்பு எக்ஸெல்தான் இருக்கிறது, பரவாயில்லையா?’ என்பது போன்றவை வரத் தொடங்கினால் சந்தேகம் ஒரு படி நகர்ந்திருக்கிறது. அப்படிக் கேட்பவர் மனதளவில் ஏற்கனவே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கேள்வியை அன்றே கேப்ஷனில் சேர்த்துவிடலாம், கேப்ஷனைப் பிறகும் திருத்த முடியும்.

சேர்க்கை முடிந்த அன்று, பின் செய்த பதிவை எடுத்துவிடுங்கள். பழைய தேதியோடு அது புரொஃபைலின் தலையில் மூன்று மாதம் நின்றால், அடுத்த முறை வருகிறவருக்கு ஒன்பதாவது சந்தேகம் ஒன்று வந்துவிடும்: இவர்கள் இன்னும் கோர்ஸ் நடத்துகிறார்களா?